ட்வீசர் ஸ்கேனர்: கடைசியில் வடிகட்டி ஒத்துழைத்தது

ட்வீசர் டாப் தேடும் என் ஸ்கேனர் இந்த வாரம்தான் படிக்கத்தக்க பட்டியல் கொடுத்தது. அடுத்தடுத்த இரண்டு கேண்டிலின் உச்சம் ஒன்றாக இருந்தால் போதும் என்று தேடினால் சந்தையில் பாதி வந்து நிற்கும். பக்கவாட்டில் நகரும் பங்கில் உச்சங்கள் தற்செயலாகவே பொருந்திப் போகும்.

முதலில் 'ஒன்று' என்றால் எவ்வளவு நெருக்கம் என்று முடிவு செய்ய வேண்டும். பைசாக் கணக்கோ சதவீதமோ எல்லாப் பங்குக்கும் பொருந்தாது. 14 நாள் ஏடிஆரில் பத்தில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்தேன்.

அதைவிட அதிகம் உதவியது இரண்டு கேண்டிலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது:

```
O=O1; H=max(H1,H2); L=min(L1,L2); C=C2
```

ஒரு பங்கு 380-லிருந்து 436 வரை ஏறியிருக்கிறது, ஏடிஆர் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 424-இல் தொடங்கி, 436 தொட்டு, 435-இல் முடிகிறது. மறுநாள் 434-இல் தொடங்கி, 435.40 வரை போய், 422 வரை இறங்கி, 425-இல் முடிகிறது. உச்சங்களின் வித்தியாசம் 60 பைசா. நம் எல்லை 1 ரூபாய். சேர்த்தால் 424-இல் தொடங்கி 425-இல் முடியும் ஒரே கேண்டில்; மேலே 11 ரூபாய் வால். அச்சு அசலான ஷூட்டிங் ஸ்டார்! ஏறி வந்தவர்கள் அந்த விலையில் நிற்க முடியாமல் திரும்பியது கண்ணெதிரே தெரிகிறது.

அதே 436 உச்சத்தோடு இரண்டு குட்டி டோஜி வந்தால், சேர்த்த பிறகும் சின்ன உடல், சின்ன வால்தான். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இதே ஷூட்டிங் ஸ்டார் 410-க்கும் 460-க்கும் நடுவே அலையும் பங்கில் வந்தாலும் நான் தொட மாட்டேன். திருப்புவதற்கு அங்கே ஏற்றமே இல்லையே. முன்னால் தெளிவான ஏற்றம் வேண்டும், 436 பக்கத்தில் பழைய ரெசிஸ்டன்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது நாள் 422-க்குக் கீழே முடியும்வரை அது வெறும் எச்சரிக்கைதான்.

தரவு விஷயத்தில் ஒரு புலம்பல். டிவிடெண்டுக்குச் சரிசெய்த விலையை, அப்படிச் சொல்லாமலே தருகிறார்கள். எக்ஸ் தேதிக்கு முந்தைய நாள் உச்சம் 440, மறுநாள் 436, டிவிடெண்ட் 4 ரூபாய் என்றால், சரிசெய்த சார்ட்டில் இரண்டும் 436 பக்கம் வந்து நின்று பொய்யான ட்வீசர் காட்டும். எக்ஸ் தேதியைத் தாண்டும் ஜோடிகளைச் சரிசெய்யாத விலையோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். நான் அவற்றை அப்படியே தள்ளிவிடுகிறேன்.

அடுத்து ட்வீசர் பாட்டம். சேர்த்தால் ஹேமர் வருகிறதா என்று பார்க்கும் பகுதி தயார். ஆனால் மொத்தச் சந்தையும் விழும்போது ஒரே நாளில் ஏராளமான பங்குகள் ஜோடி தாழ்வு காட்டுகின்றன. அது பங்கின் கதையா, நிஃப்டியின் கதையா என்று பிரிக்க, நிஃப்டியின் கேண்டிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரிகளை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.