கடையில கச்சிதம், வண்டியில பத்தல

காலையில பைக்ல ஆரியங்காவு போய் இறங்கினப்போ சட்டைக் கை முழங்கை வரைக்கும் ஈரம். ரெயின்கோட்டு போட்டுத்தான் போனேன்.

கோட்டு கிழியல. செங்கோட்டைக் கடையில நின்னு பார்த்தப்போ எல் சைஸ் கச்சிதமாத்தான் இருந்துச்சு.

ஆனா ஹேண்டில்பாரைப் பிடிக்க கையை நீட்டினதும் துணி தோளுக்கு இழுபட்டு மணிக்கட்டு வெளிய வந்துடுது. மழை எதிர்ல அடிக்கும்போது தண்ணி அந்த வழியாவே உள்ள ஏறுது. முதுகுப்பையும் உள்ள இருந்தா முதுகுத்துணியை அதுவே எடுத்துக்குது. ஜிப் நெஞ்சுல இறுகுது, பின்விளிம்பு இடுப்புக்கு மேல போயிடுது.

சாயங்காலம் அதே கடை. லேப்டாப்பும் சாப்பாட்டு டப்பாவும் இருந்த பையைக் கழட்டாம, மேலயே டபுள் எக்ஸ்எல் போட்டேன்.

"அண்ணே, வண்டியில உக்காந்து பாக்கட்டுமா?"

"தாராளமா பாருங்க தம்பி."

கையை நீட்டிப் பிடிச்சேன். கை விளிம்பு விரல் முட்டி வரைக்கும் நின்னுச்சு. ஜிப் இழுக்காம கழுத்து வரை ஏறுச்சு. பெரிய சைஸ்ல தொளதொளப்பு இருக்கும், அதனால மணிக்கட்டு ஒட்டுப்பட்டையை இறுக்கி, பிரேக்கை ரெண்டு தடவை அழுத்திப் பார்த்தேன், துணி மாட்டல. கீழ்விளிம்பு சக்கரத்துக்கும் சைலன்சருக்கும் எட்டல.

அப்புறம்தான் காசு கொடுத்தேன்.