பதினான்காம் அத்தியாயத்தின் தலைப்பு

தொடர்கதைத் தளம் ஒன்றில் பக்கங்களைப் பொறுப்பேற்றுப் பார்த்துவந்தபோது, காரைக்குடியில் நடக்கும் 'பதினோராம் சாவி' என்ற தொடர் என் கைக்கு வந்தது. எழுத்து நன்றாக இருந்தும், பழைய வாசகர்களைத் தவிர வேறு எவரும் அதற்குள் வரவில்லை. காரணத்தை வாட்ஸாப்பில்தான் கண்டேன். வாசகி ஒருவர் ஆசையோடு பகிர்ந்திருந்த இணைப்பில் 'அத்தியாயம் 14' என்று மட்டும் இருந்தது. எந்தக் கதையின் பதினான்காவது என்று அறிய வழியில்லை.

நாவலின் பெயர், எண், அத்தியாயத்தின் பெயர் என்ற வரிசையில் தலைப்பை மாற்ற முயன்றேன். சேமித்துப் பார்த்தால் 'பதினோராம் சாவி – அத்தியாயம் 14: இரண்டாங்கட்டில் எரிந்த விளக்' என்று நின்றது. எங்கள் தலைப்புப் பெட்டியின் வரம்பு 60. ஆனால் கணினி எழுத்துகளை எண்ணுவதில்லை. புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியே எண்ணுகிறது. 'அத்தியாயம்' நமக்கு ஆறு எழுத்து, அதற்கோ பத்து. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்ததும் முழுத் தலைப்பும் 51-இல் அடங்கியது. அதற்கு முன்பு ஒரு மாலை முழுவதும் அழகான பெயர்களைச் சுருக்கிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சொல்லலாம்.

அறிமுகக் குறிப்பு, 'உறவுகளின் ஆழத்தை உணர்வுபூர்வமாகப் பேசும் குடும்பக் காவியம்' என்று தொடங்கியது. தொடரின் முகப்பில் கைபேசி முதல் இரண்டு மூன்று வரிகளையே காட்டும். மற்றவை 'மேலும்' என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த இடத்தில் எந்தக் கதைக்கும் பொருந்தும் ஒரு வரியை வைப்பது வீண். காரைக்குடி என்று தேடுபவருக்கும் இந்தப் பக்கம் அகப்படாது, ஏனெனில் ஊரின் பெயரே குறிப்பில் இல்லை. ஆசிரியரின் ஒப்புதலோடு இப்படி மாற்றினேன்: 'காரைக்குடியில் பதினோரு பங்குள்ள ஒரு செட்டிநாட்டு வீடு. விற்பதற்குப் பத்துப் பேர் கையெழுத்திட்டாயிற்று. மீனாட்சி ஆச்சி மட்டும் தன் சாவியைத் தர மறுக்கிறாள்.' ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களுக்காக, குறிச்சொற்களில் `pathinoram saavi` என்பதையும் சேர்த்தேன்.

ஆசிரியரோடு நான் முரண்பட்டது இருபத்திரண்டாம் அத்தியாயத்தில்தான். அவர் வைத்திருந்த பெயர் 'ஆச்சியின் கடைசி இரவு'. வாரந்தோறும் படித்து வருபவருக்கு அது பொருத்தமான பெயரே. ஆனால் புதிதாக வருபவர் முதல் அத்தியாயத்தைத் திறக்கும் முன்பே பொருளடக்கம் முழுவதையும் விரலால் தள்ளிப் பார்க்கிறார். "மறைச்சு வைச்சா யாரு தம்பி உள்ள வருவா?" என்றார் அவர். "சாவி யாரிடம் போகும்னு தெரியாம இருந்தாத்தானம்மா வருவாங்க" என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே ஒரு சொல்லை அனுப்பினார்: 'கொத்துச்சாவி'.