அடிபட்ட உடல் தள்ளாடும் விதம்

சண்டை விளையாட்டு ஒன்றில், அடிபடும் பாத்திரங்களின் உடலசைவை உருவாக்கும் வேலை சில ஆண்டுகளாக என்னுடையது. அடி விழுந்ததும் முன்பே பதிவு செய்த அசைவு ஒன்றை ஓட்டினால், எங்கே அடித்தாலும் எவ்வளவு பலமாக அடித்தாலும் பாத்திரம் ஒரே மாதிரிதான் துவளும். அனிமேஷனை நிறுத்திவிட்டு உடலை முழுவதுமாக ராக்டாலாக, அதாவது இயற்பியல் விதிகளின்படி மட்டும் அசையும் தளர்ந்த உடலாக விட்டாலோ, நூல் அறுந்த பொம்மையைப் போல நின்ற இடத்திலேயே சரிந்துவிடும். உண்மையில் அடிபட்டவன் இந்த இரண்டையும் செய்வதில்லை. ஒரு கணம் உடலின் மீதான பிடியை இழந்து, தடுமாறி, ஓர் அடி பின்வைத்து மீண்டும் நிற்கிறான். அதைக் காட்டுவதற்குத்தான் மூட்டுகளில் மோட்டார் வைத்த ராக்டால் தேவைப்படுகிறது.

யூனிட்டி கேம் எஞ்சினில் நாங்கள் இரண்டு எலும்புக்கூடுகளை வைத்திருக்கிறோம். திரையில் தெரியாத ஒன்று அனிமேஷனை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் மற்றொன்று எடையும் மோதலும் உள்ள இயற்பியல் உடல். அதன் ஒவ்வொரு மூட்டிலும் உள்ள `ConfigurableJoint`, அனிமேஷன் எலும்பின் கோணத்தை இலக்காகக் கொண்டு துரத்துகிறது. கோண வேறுபாட்டை ஸ்பிரிங் மதிப்பால் பெருக்கி, அதிலிருந்து கோண வேகத்தை, அசைவைத் தணிக்கும் டேம்பர் மதிப்பால் பெருக்கிக் கழித்தால், அதுவே மோட்டார் தரும் முறுக்குவிசை. மூட்டின் அச்சுகள் எலும்பின் அச்சுகளோடு ஒத்திருக்கும்போது, இலக்கை இப்படி எழுதினால் போதும்:

```csharp
joint.targetRotation =
    Quaternion.Inverse(animBone.localRotation) * startRotation;
```

இதில் `startRotation` என்பது மூட்டு உருவான கணத்தில் எலும்புக்கு இருந்த கோணம். அந்த மதிப்பைத் தொடக்கத்திலேயே சேமித்து வைக்காவிட்டால், கைகால்கள் முறுக்கிக்கொண்டு நிற்பதை முதல் நொடியிலேயே பார்த்துவிடலாம். இதைவிட மறைவான சிக்கல் ஒன்றும் உண்டு. யூனிட்டி ஒவ்வொரு உடலின் கோண வேகத்தையும் இயல்பாக வினாடிக்கு 7 ரேடியனுக்குள், அதாவது சுமார் 400 டிகிரிக்குள் அடக்கி வைக்கிறது. குத்துவிடும் முன்கை அதைவிட வேகமாகச் சுழல்வதால், ஸ்பிரிங்கை எவ்வளவு கூட்டினாலும் கை பின்தங்கியே வரும். மெதுவான அசைவில் சரியாக இருந்து, வேகமான அசைவில் மட்டும் கை தாமதித்தால், முதலில் `maxAngularVelocity` மதிப்பைப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் மதிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முழங்காலை எடுத்துக்கொள்கிறேன். 75 கிலோ எடையுள்ள பாத்திரத்தின் முழங்காலுக்குக் கீழே சுமார் 4.5 கிலோ இருக்கும். முழங்காலைச் சுற்றி அதன் நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 0.35 கிலோகிராம்-சதுர மீட்டர். அந்தக் கால் வினாடிக்கு 3 அதிர்வுகள் என்ற விறைப்போடு இலக்கைத் துரத்த வேண்டுமென்றால், கணக்கில் வரும் ஸ்பிரிங் மதிப்பு ரேடியனுக்குச் சுமார் 124 நியூட்டன்-மீட்டர். ஊசலாடாமல் போய் நிற்க டேம்பர் 13 அளவில் இருக்க வேண்டும். காற்றில் வீசும் காலுக்கு இது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அதே கால் தரையில் ஊன்றி, சற்று மடிந்த நிலையில் உடலின் பாதி எடையைத் தாங்கும்போது, எடையின் கோடு மூட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் விலகியிருந்தால்கூட மூட்டின் மேல் சுமார் 37 நியூட்டன்-மீட்டர் சுமை விழுகிறது. கோணத்தில் பிழை இருந்தால்தான் ஸ்பிரிங் விசை தரும் என்பதால், அந்தச் சுமையைத் தாங்க முழங்கால் இலக்கைவிட ஏறக்குறைய 17 டிகிரி கூடுதலாக மடிந்தாக வேண்டும். பாத்திரம் எப்போதும் பாதி உட்கார்ந்தது போல நிற்பதற்குக் காரணம் இதுதான். இதற்காக எல்லா மூட்டுகளையும் விறைப்பாக்கினால் அடிபடும்போது உடல் மரக்கட்டையாகிவிடும். எனவே பாதம் தரையைத் தொடும்போது மட்டும் அந்தக் காலின் ஸ்பிரிங்கைப் பல மடங்கு உயர்த்தி, பாதம் எழும்போது தணிக்கிறோம்.

மூட்டு மோட்டார்கள் உடலின் வடிவத்தைக் காப்பாற்றுமே தவிர, உடலை நிமிர்ந்து நிற்க வைக்காது. அதற்காக இடுப்பில் வெளியிலிருந்து ஒரு தாங்கல் விசை தருகிறோம்: ஒன்று இடுப்பைச் செங்குத்தாக வைத்திருக்கும் முறுக்குவிசை, மற்றொன்று அதை அனிமேஷன் இருக்கும் இடத்தோடு சேர்த்து வைக்கும் கிடைவிசை. தள்ளாட்டம் நம்பும்படி இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து.

ஓர் அடியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நெஞ்சின் இடப்புறம் 60 நியூட்டன்-வினாடி அளவுள்ள உந்தம் பின்னோக்கி விழுகிறது என்று கொள்வோம். 75 கிலோ உடலுக்கு அது வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தைத் தரும். இடுப்பின் தாங்கல் முழு பலத்தில் இருந்தால் அந்த வேகம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். பாதங்கள் தரையில் அறைந்தது போல நிற்க, நெஞ்சு மட்டும் ஒருமுறை ஆடித் திரும்பும். ஆகவே அடி விழுந்த கணத்தில் கிடைவிசையைப் பூஜ்யமாக்குகிறோம், முறுக்குவிசையைப் பாதியாக்குகிறோம். அதோடு மறைந்திருக்கும் அனிமேஷன் எலும்புக்கூடும் இயற்பியல் இடுப்பைப் பின்தொடர்ந்து நகர வேண்டும். இல்லையென்றால் தாங்கல் திரும்பி வந்ததும் உடல் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வரப்படும்.

மோட்டார்களையும் அதே கணத்தில் தளர்த்துகிறோம், ஆனால் ஒரே அளவில் அல்ல. அடிபட்ட நெஞ்சும் முதுகும் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கும். கழுத்தும் அந்தப் பக்கத்துத் தோளும் மூன்றில் ஒரு பங்குக்கு. கால்கள் கொஞ்சமே தளரும். ஸ்பிரிங்கைக் குறைக்கும்போது டேம்பரை அதன் வர்க்கமூல விகிதத்தில் குறைக்க வேண்டும் என்பதை நான் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கிறேன். ஸ்பிரிங் ஐந்தில் ஒன்றானால் டேம்பர் 45 சதவீதத்தில் நிற்க வேண்டும். அதைத் தொடாமல் விட்டால் கைகால் மந்தமாக ஊர்ந்து நகரும். ஸ்பிரிங்கின் அளவுக்கே குறைத்தால் தலை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். பிறகு சுமார் அரை வினாடிக்குள் இரண்டையும் மெல்லத் தொடங்கி உயர்த்துகிறோம். கோண வேறுபாடு பெரிதாக இருக்கும்போது ஸ்பிரிங் சட்டெனத் திரும்பினால் உடல் வெட்டி இழுத்துக்கொள்ளும். அனிமேட்டர்கள் அந்த ஒரு பிரேமை உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அடிபட்டதும் மோட்டார்களைத் தளர்த்திப் பின் இறுக்கும் இந்த உத்தியை விக்டர் சோர்டனும் ஜெசிகா ஹாட்ஜின்ஸும் 2002-ஆம் ஆண்டிலேயே ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் கால் எடுத்து வைக்காவிட்டால் அது தள்ளாட்டமாகாது. அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்பதற்கு, ஜெர்ரி பிராட் ரோபோக்களுக்காக 2006-இல் முன்வைத்த பிடிப்புப் புள்ளியைப் பயன்படுத்துகிறோம். உடலின் நிறை மையம் 0.9 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த உயரத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கும்போது 0.3 வினாடி கிடைக்கும். அதை வேகமான 0.8-ஆல் பெருக்கினால் 24 சென்டிமீட்டர். நிறை மையத்துக்கு நேர் கீழிருந்து அவ்வளவு பின்னால் பாதம் விழுந்தால் உடல் நின்றுவிடும். நாங்கள் எடை குறைவாக ஊன்றியிருக்கும் காலைத் தேர்ந்தெடுத்து, அனிமேஷன் எலும்புக்கூட்டில் அந்தப் பாதத்தை மட்டும், பாதம் சேர வேண்டிய இடத்திலிருந்து மூட்டுக் கோணங்களைக் கணக்கிடும் ஐகே மூலம் அந்தப் புள்ளிக்கு நகர்த்துகிறோம். இயற்பியல் கால் அதைத் துரத்துகிறது. கால் காற்றில் இருக்கும்போதும் புள்ளியை ஒவ்வோர் இயற்பியல் படியிலும் மறுபடி கணக்கிட வேண்டும், ஏனென்றால் உடல் விழுந்துகொண்டே இருப்பதால் புள்ளியும் விலகிக்கொண்டே போகும். முதல் அடியை வேண்டுமென்றே சற்றுக் குறைவாக வைக்கச் செய்தால் பாத்திரம் தானாகவே இன்னோர் அடி எடுத்து வைக்கிறது. பலமான அடிகளுக்கு அந்த இரண்டாவது அடிதான் மிகவும் உயிரோட்டமாக இருக்கிறது.

இந்தக் கணக்கு சமதளத்தையும் மாறாத உயரத்தையும் எடுத்துக்கொண்டே ஓடுகிறது. படிக்கட்டின் விளிம்பிலோ பின்னால் சுவர் இருக்கும் இடத்திலோ, கணக்கு காட்டும் புள்ளியில் பாதம் வைக்க இடமே இருக்காது. எனவே ஒவ்வோர் அடிக்கும் முன்பு அந்த இடத்தில் தரை இருக்கிறதா என்று கீழ்நோக்கி ஒரு கதிரை எறிந்து பார்க்கிறோம். தரை இல்லாவிட்டாலும், புள்ளி இடுப்பிலிருந்து 70 சென்டிமீட்டருக்கு அப்பால் போய்விட்டாலும், இடுப்பின் தாங்கலை முழுவதுமாக விலக்கிவிட்டுக் கைகளின் இலக்கை மட்டும் தரையை நோக்கித் திருப்புகிறோம். விழும் உடல் அப்போதும் தன் கைகளால் தலையைக் காத்துக்கொள்ள முயல்கிறது.