கறிவேப்பிலைப் புழுவும் வயல் வெட்டுக்கிளியும்: சிறகு எங்கே வளர்கிறது? 27 நாள் பதிவு

முழு உருமாற்றத்துக்கு நான்கு பருவம், முழுமையற்ற உருமாற்றத்துக்கு மூன்று பருவம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்தப் பதிவு சிறகை மட்டும் பின்தொடர்கிறது. வண்ணத்துப்பூச்சிக்கும் வெட்டுக்கிளிக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் கண்ணால் பார்க்கும்படி இருக்கிறது.

தொடக்கம்: அக்டோபர் முதல் வாரம், கும்பப்பூ நெல் நடவு முடிந்த சமயம்

வீட்டு முற்றத்துக் கறிவேப்பிலையின் இளந்தளிர்களில் கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் நிற உருண்டை முட்டைகள் தனித்தனியாக ஒட்டியிருந்தன. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இடுபவை இவை. எலுமிச்சை, நார்த்தை மரங்களிலும் கிடைக்கும். முட்டையைப் பிரித்து எடுக்கக் கூடாது, இலையோடு கிள்ளுங்கள். நான்கு முட்டைகளும், கறிவேப்பிலையிலேயே ஏற்கெனவே வளர்ந்திருந்த ஒரு பெரிய புழுவும் எடுத்தோம்.

வெட்டுக்கிளிக்குத் தேரூர்ப் பக்கத்து வயல் வரப்பு. சுமார் 1 செ.மீ. நீளத்தில், பச்சையாக, பறக்காமல் தத்திக்கொண்டிருந்த 6 குஞ்சுகள் கிடைத்தன. உணர்கொம்பு உடலைவிட நீளமாக இருந்தால் அது வேறு இனம். கட்டையான கொம்பு உள்ளதையே எடுங்கள்.

புழுக்களுக்கு 1 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அடியில் காகிதம், வாயில் கொசுவலைத் துணி. வெட்டுக்கிளிக்கு 10 லிட்டர் வாளி, மேலே கொசுவலை, உள்ளே நிமிர்த்தி வைத்த மூன்று குச்சிகள். நெல் நாற்றைச் சிறு புட்டியில் தண்ணீர் ஊற்றி நட்டு, புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்தோம். அடைக்காவிட்டால் குஞ்சுகள் தண்ணீருக்குள் விழுந்து சாகும்.

நாள் 4

முட்டைகள் பொரிந்தன. வெளியே வந்த புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்றது. கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலத் தெரிவதால் எதிரிகள் விலகிப் போகும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் முதுகில் சிறகின் சுவடே இல்லை.

நாள் 6

வெட்டுக்கிளிக் குஞ்சு ஒன்று குச்சியில் தலைகீழாகத் தொங்கித் தோலுரித்தது. உரிக்கும் முன்பே மார்பின் இரு பக்கத்திலும் கீழ்நோக்கிய சிறு மடல்கள் இருந்தன. இவையே சிறகு மொட்டுகள். உரித்த பிறகு அதே மொட்டுகள் பெரிதாகி, முதுகுப் பக்கம் மேலே திரும்பிவிட்டன! பின்சிறகின் மொட்டு இப்போது முன்சிறகின் மொட்டுக்கு மேலே கிடக்கிறது. வளர்ந்த வெட்டுக்கிளியில் இது நேர்மாறு: முன்சிறகுதான் பின்சிறகை மூடும். பார்ப்பதற்குக் குட்டைச் சிறகுள்ள முழுப்பூச்சி போல இருந்தால் இந்த அடையாளத்தை வைத்துப் பிரித்தறியலாம். பின்சிறகு மொட்டு மேலே இருந்தால் அது குஞ்சு. இன்னும் ஒன்றிரண்டு முறை தோலுரிக்கும்.

நாள் 9: ஒரு இழப்பு

கறிவேப்பிலை தீர்ந்ததால் கடையில் வாங்கிய இலையைப் போட்டோம். மறுநாளே ஒரு புழு பச்சைத் திரவம் கக்கிச் சுருங்கிப்போனது. இலையில் பூச்சிமருந்தின் எச்சம் இருந்தால் இப்படித்தான் ஆகும். கழுவினால் போதும் என்று நம்பக் கூடாது. மருந்து அடிக்காத மரத்தின் இலை மட்டுமே கொடுங்கள்.

மழைக்காலத்தில் ஈரமும் பகைதான். புழுவின் எச்சத்தைத் தினமும் தட்டிக் காகிதத்தை மாற்றாவிட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். இலையில் தண்ணீர் சொட்டக் கூடாது.

நாள் 11

மரத்திலிருந்து எடுத்த பெரிய புழு தின்பதை நிறுத்தியது. அதன் உடலைத் துளைத்துக்கொண்டு சிறு புழுக்கள் வெளியேறி, அரிசிமணி போன்ற வெள்ளைக் கூடுகளைப் பின்னின. புழுவுக்குள் முட்டையிடும் ஒருவகைச் சிறு குளவியின் வேலை இது. முட்டையிலிருந்தே வளர்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

நாள் 14

வெட்டுக்கிளிகள் மறுபடி தோலுரித்தன. மொட்டுகள் இப்போது வயிற்றின் தொடக்கம்வரை நீண்டுவிட்டன. ஒரு குஞ்சு மட்டும் தோலிலிருந்து பின்காலை இழுக்க முடியாமல் செத்தது. குச்சி வாளியின் அடியில் சாய்ந்து கிடந்ததால் தொங்குவதற்கு உயரம் போதவில்லை. உடல் நீளத்தைப் போல மூன்று மடங்காவது கீழே காலியிடம் வேண்டும்.

நாள் 18

மீதி மூன்று புழுக்களும் இதற்குள் பச்சை நிறத்துக்கு மாறி, 4 செ.மீ. அளவு வளர்ந்திருந்தன. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து நாற்றமுள்ள கவைக்கொம்பு ஒன்று நீண்டு வரும். அவை மொத்தம் தின்றதில் பெரும்பகுதி இந்தக் கடைசிப் பருவத்தில்தான். தினமும் இரண்டு இணுக்கு இலை தேவைப்பட்டது.

இன்று அவை தண்ணீராகக் கழிந்து, அங்குமிங்கும் அலைந்து, குச்சியில் பட்டுநூலால் வால் நுனியை ஒட்டிக்கொண்டன. இடுப்பைச் சுற்றியும் ஒரு நூல் வளையம். மறுநாள் கடைசித் தோல் உரிந்தபோது உள்ளே கூட்டுப்புழு தயார். அதன் இரு பக்கத்திலும் சிறகின் வடிவம் தெளிவாகத் தெரிந்தது.

நேற்றுவரை வெளியே தெரியாத சிறகு ஒரே நாளில் முளைக்கவில்லை. புழுவின் உடலுக்குள் தட்டு போன்ற செல்கூட்டங்கள் சிறகுக்கென்று முன்பே ஒதுங்கி மெல்ல வளர்ந்துவந்தன. கடைசித் தோலுரிப்பில் அவை வெளிப்பக்கம் வந்துவிட்டன. வெட்டுக்கிளி சிறகை வெளியே வளர்க்கிறது. வண்ணத்துப்பூச்சி உள்ளே வளர்க்கிறது. கூட்டுப்புழு உறங்குகிறது என்பது தவறு. தின்னுவதற்கு இருந்த தாடைக்குப் பதிலாகத் தேன் உறிஞ்சும் குழல் உருவாவதும் இந்த ஒன்பது நாள்களில்தான். வெட்டுக்கிளிக்கு இப்படிப்பட்ட நிறுத்தம் தேவையில்லை: குஞ்சும் தாயும் ஒரே நெல் இலையை ஒரே வகைத் தாடையால் கடிக்கின்றன.

நாள் 23

வெட்டுக்கிளியின் கடைசித் தோலுரிப்பு. சிறகுகள் முதலில் கசங்கிய துணி போல வந்தன. உடல்நீர் அவற்றின் நரம்புகளுக்குள் பாய, அரைமணி நேரத்துக்குள் விரிந்தன. மறுநாள் முன்சிறகு மேலே, பின்சிறகு அதன் கீழே மடிந்திருந்தது. இனி அது தோலுரிக்காது.

நாள் 27

முந்தின மாலையே கூட்டுப்புழுவின் தோல் கறுத்து, மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. காலையில் பூச்சி வெளிவந்து, கூட்டைப் பிடித்துத் தொங்கியது. இதன் சிறகும் அப்படியே கசங்கி வந்து விரிந்தது. நூல் அறுந்து ஒரு கூடு கீழே விழுந்திருந்தது. கீழே கிடந்தபடியே வெளிவரும் பூச்சிக்குத் தொங்க இடமில்லை; சிறகு கசங்கியபடியே காய்ந்துவிடும். அதனால் அந்தக் கூட்டைச் சொரசொரப்பான துணி மூடிய பலகையில் சாய்த்து வைத்தோம். பூச்சி துணியில் ஏறித் தொங்கியது. சிறகு காயும்வரை, சுமார் இரண்டு மணி நேரம், தொடவே கூடாது.

தீப்பெட்டியில் சேர்த்துவைத்த தோல்களை இப்போது கைக்கண்ணாடியின் கீழ் அடுக்கினோம். நாள் 14-இல் உரிந்த வெட்டுக்கிளித் தோலின் முதுகில் மேலே திரும்பிய மொட்டின் உறை அப்படியே இருக்கிறது. புழு தன் பழைய தோல்களைப் பெரும்பாலும் தின்றுவிடும். கூட்டின் வால் நுனியில் சுருண்டு கிடந்த கடைசித் தோல் மட்டும் கிடைத்தது. நனைத்து விரித்துப் பார்த்தால் அதில் மொட்டு எதுவும் இல்லை. அதன் பக்கத்தில் வெறுங்கூடு: இரு புறமும் முழுச் சிறகின் வடிவம்.