கவச வெப்பச்சலனக் கேள்விக்கு நான் விடை எழுதிப் பழகிய விதம்

"கவசத்தின் வெப்பச்சலனம் தட்டுகளை எப்படி நகர்த்துகிறது?" என்ற கேள்விக்குப் பலர் இரண்டு அம்புக்குறி வட்டங்கள் வரைந்து, மேலே தட்டு மிதந்து போவதாக எழுதி முடித்துவிடுகிறார்கள். அதில் பாதிதான் சரி. மீதிப் பாதிக்காக நான் பழகிய வரிசையைச் சொல்கிறேன்.

பூமியின் மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையில் உள்ள கவசம் திடப்பாறை என்பதில் தொடங்குங்கள். நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்தில் பரவாது, கவசத்தில் பரவுகின்றன. இதுவே போதுமான சான்று. ஆனாலும் அதிக வெப்பத்தில் படிகங்கள் மிக மெல்ல உருமாறுவதால் அந்தப் பாறை ஊர்கிறது. அதன் பாகுத்தன்மை சுமார் 10²¹ பாஸ்கல்-விநாடி, தண்ணீருக்கோ 10⁻³ தான். பனியுகப் பனிச்சுமை நீங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகியும் ஸ்காண்டிநேவிய நிலம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்துதான் 1935இல் புவி இயற்பியலாளர் ஹாஸ்கெல் இந்த அளவைக் கணக்கிட்டார்.

இவ்வளவு மெதுவென்றால் எதற்கு ஓட வேண்டும் என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். கவசத்தின் தடிமன் 2,900 கி.மீ. வெப்பம் கடத்தலால் மட்டும் அதைக் கடக்க, தடிமனின் வர்க்கத்தை வெப்பப் பரவல் திறனால் (சுமார் 10⁻⁶ சதுர மீட்டர்/விநாடி) வகுத்தால் ஏறத்தாழ 27,000 கோடி ஆண்டுகள் வரும். பூமியின் வயதே சுமார் 450 கோடிதான். ஆண்டுக்கு 5 செ.மீ. ஊரும் பாறையோ 5.8 கோடி ஆண்டுகளில் கடந்துவிடும். ஆக, நமக்கு மெதுவாகத் தெரியும் ஓட்டம், கடத்தலோடு ஒப்பிட்டால் படுவேகம்.

அப்புறம் தட்டுகளுக்கு வாருங்கள். வெப்பச்சலன ஓட்டத்தின் குளிர்ந்த மேல் அடுக்கே தட்டு. அதைத் தனிப் பொருளாகப் பார்ப்பதில்தான் குழப்பமே. நடுக்கடல் முகட்டில் பிறந்த தட்டு, விலகிச் செல்லச் செல்லக் குளிர்ந்து அடர்த்தியாகி, அகழியில் கவசத்துக்குள் அமிழ்கிறது. அமிழும் பகுதி பின்னால் இருப்பதை இழுக்கிறது. கவசத்தின் பாகுத்தன்மை அதைத் தடுத்துப் பிடிப்பதால் வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரில் நிற்கிறது.

எடுத்துக்காட்டுக்கு பெரு–சிலி அகழியை எழுதுங்கள். ஒரே அகழியின் இரு பக்கமும் இரண்டு தட்டுகள். அமிழ்வது நாஸ்கா, அது வேகமாக நகர்கிறது. மேலே நிற்கும் தென் அமெரிக்கத் தட்டு மந்தம். எனவே ஓரத்தில் அகழி இருந்தால் மட்டும் போதாது, அமிழ்வது எந்தத் தட்டு என்று பார்க்க வேண்டும். 1975இல் புவி இயற்பியலாளர்கள் ஃபோர்சித்தும் உயேதாவும் உலகத் தட்டுகளை ஒப்பிட்டுக் கண்டதும் இதைத்தான்.

இழுவை மட்டுமே காரணம் என்றும் எழுதிவிடாதீர்கள். தென் அமெரிக்கத் தட்டில் அமிழும் ஓரம் மிகக் குறைவு, ஆனாலும் அது நகர்கிறது. அங்கே அட்லாண்டிக் முகட்டின் சரிவு தரும் தள்ளலும், அடியில் ஊரும் கவசத்தின் உராய்வும் சேர்கின்றன. படத்தில் தடித்த அம்பை மட்டும் அமிழும் தட்டின் மேல் போடுங்கள்.