சம்பளம் குறைந்தபோது வீட்டுக்கடன் தவணையைக் குறைக்கச் சொல்லி மேனேஜருக்கு எழுதிய கடிதம்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு ஆர்டர்கள் நின்று, ஷிப்டைக் குறைத்தார்கள், 42,000 வந்த சம்பளம் 27,000 ஆனது. வீட்டுக்கடனில் பாக்கி 12 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 120 மாதம், மாதத் தவணை 15,201. வீட்டுச் செலவு, ஸ்கூல் ஃபீஸ், நகைக்கடன் வட்டி எல்லாம் போக கையில் 9,500 ரூபாய்தான் நின்றது.

ஒரு தவணைகூட பவுன்ஸ் ஆகாத நிலையிலேயே கடிதம் கொடுக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அண்ணன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்கு முன்பே தாமதப் பட்டியலில் ஏறத் தொடங்கிவிடும், அதன் பிறகு என்ன எழுதினாலும் சாக்கு மாதிரிதான் தெரியும் என்றார். அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப உதவியது. "கஷ்டத்தைப் பத்து வரி எழுதாதப்பா, எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாசத்துக்கு, அப்புறம் எப்படிச் சரியாகும், இதை எழுது. மேனேஜர் அதை வெச்சுத்தான் மேலே எழுதணும்."

அப்படித்தான் எழுதினேன். கடன் கணக்கு எண்ணைப் போட்டு, பொருள் வரியில் "வீட்டுக்கடன் தவணையை ஆறு மாதங்களுக்குக் குறைத்து, கடன் காலத்தை நீட்டிக்கக் கோருதல்" என்று போட்டேன். நடுவில் இருந்த முக்கியமான பகுதி இதுதான்:

"ஏற்றுமதி ஆர்டர்கள் குறைந்ததால் என் மாதச் சம்பளம் ரூ.42,000-லிருந்து ரூ.27,000 ஆகக் குறைந்துள்ளது. இதுவரை எந்தத் தவணையும் தவறியதில்லை. அடுத்த ஆறு மாதங்களுக்கு மாத வட்டியான ரூ.9,000 மட்டும் செலுத்தவும், ஏழாம் மாதம் முதல் பழையபடி ரூ.15,201 செலுத்தவும், கடன் காலத்தை ஆறு மாதம் நீட்டிக்கவும் அனுமதி கோருகிறேன். மார்ச் முதல் புதிய ஆர்டர்கள் தொடங்கும் என்ற கம்பெனியின் கடிதத்தை இணைத்துள்ளேன்."

9,000 என்பது 12 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி. வட்டியைக் கட்டிவிட்டால் அசல் ஏறாது, அதனால் வங்கிக்குப் பயம் குறைவு. எனக்கு ஆகும் கூடுதல் செலவு ஆறு மாத வட்டி, அதாவது 54,000 ரூபாய். எதுவுமே கட்டாமல் அவகாசம் கேட்டால் அந்த வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடும். சம்பளம் குறைவதற்கு முன்னும் பின்னுமான பே ஸ்லிப், ஆறு மாத ஸ்டேட்மென்ட், கம்பெனி லெட்டர்ஹெட்டில் வாங்கிய கடிதம் ஆகியவற்றை இணைத்தேன். கொடுத்த கடிதத்தின் நகலில் கிளையின் சீலும் தேதியும் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேனேஜர் படித்துவிட்டு முதலில் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி. "மாசம் 6,201 துண்டு விழுது, ஆறு மாசத்துக்கு 37,206. இதை வேற வழியில சமாளிக்க முடியாதா?" கேட்டதற்குக் காரணத்தையும் நேராகவே சொன்னார். வருமானக் கஷ்டத்துக்காகக் கடனின் நிபந்தனைகளை மாற்றினால் அது மறுசீரமைப்பு, ரிசர்வ் வங்கி விதிப்படி தவறாமல் கட்டிவந்த கணக்கைக்கூட பொதுவாக உடனே வாராக்கடன் வகையில்தான் வைக்க வேண்டும், சிபில் அறிக்கையிலும் பதிவாகும், கொஞ்ச காலம் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். 2020 கொரோனா சமயத்தில் தந்தது மாதிரி தனிச் சலுகை இருந்தால்தான் விதிவிலக்கு. எங்கள் நகை ஏற்கெனவே அடகில் இருந்தது, கைமாற்று வாங்கினால் வெளியே அதைவிட அதிக வட்டி. அதனால் தெரிந்தே சம்மதித்தேன். வீட்டில் சும்மா இருக்கும் நகை உள்ளவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள், துண்டு விழும் தொகை சின்னது என்றால் சிபிலைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதே இல்லை.

முடிவு எடுக்கும் அதிகாரம் கிளையில் இல்லை, மண்டல அலுவலகம் போய்த்தான் வந்தது. நடுவில் என் மனைவியின் வருமான விவரமும் கேட்டார்கள், அவர் கூட்டுக் கடன்தாரர் என்பதால் துணை ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் தேவைப்பட்டது. அனுமதி வரும்வரை பழைய தவணைதான் செல்லும், கடிதம் கொடுத்துவிட்டோமே என்று நிறுத்தினால் தாமதம் நம் கணக்கில்தான் ஏறும். அந்த இடைவெளியை ஒரு சீட்டை எடுத்துத் தாண்டினேன்.

அனுமதிக் கடிதம் வந்த கையோடு புதிய தவணை அட்டவணையையும் கேட்டு வாங்கினேன். அதைவிட அவசரம் ஆட்டோ டெபிட். பழைய மேண்டேட்டில் 15,201 என்றே இருந்தால் அந்தத் தொகைக்கே போய்த் தட்டும், கணக்கில் பணம் இல்லாமல் பவுன்ஸ் ஆகி, இரண்டு பக்கமும் கட்டணம் பிடிப்பார்கள். அடுத்த தவணைத் தேதிக்கு முன்பே அதை மாற்றச் சொல்லித் தனியாக ஒரு வரி எழுதிக் கொடுத்து, மாறியதைக் கிளையிலேயே கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் கிளம்பினேன்.