ஓட்டி கேட்டால் கன்ஃபர்மேஷன் இல்லை

ஓட்டி, அதாவது கூடுதல் நேர வேலைக்கான சம்பளம், கேட்டால் வேலை உறுதியாகாது என்ற இந்த மிரட்டல் பெரும்பாலும் மிரட்டல் மாதிரி வருவதில்லை. பேன்ட்ரியில் காப்பி கலக்கும்போதோ லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதோ, அக்கறையாகச் சொல்வது போல வரும்: "நீ இன்னும் புரொபேஷன்லதானே இருக்கே, பார்த்து நடந்துக்கோ." மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ இதை யாரும் எழுத மாட்டார்கள். எழுத்தில் இருக்கக் கூடாது என்பது சொல்கிறவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அதை எழுத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு கேட்டவர் தலையில் விழுகிறது. இது நியாயமில்லைதான். ஆனால் சிங்கப்பூரில் நடைமுறை இப்படித்தான் இருக்கிறது.

மிரட்டலுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். புரொபேஷனில் இருப்பவருக்கும் வேலை நியமனச் சட்டம் முதல் நாளிலிருந்தே பொருந்தும். சம்பளம், பேஸ்லிப், தகுதியுள்ளவருக்கு ஓட்டி எல்லாம் கன்ஃபர்மேஷனுக்குக் காத்திருப்பவை அல்ல. குறைவாக இருப்பது முன்னறிவிப்புக் காலம்தான். ஒப்பந்தம் அதைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால், 26 வாரத்துக்கும் குறைவாக வேலை செய்தவரை ஒரே நாள் முன்னறிவிப்பில் அனுப்பிவிடலாம். முன்னறிவிப்பு கொடுத்து, காரணம் எதுவும் சொல்லாமல் அனுப்பினால், முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் அதைத் தவறான பணிநீக்கம் அல்ல என்றே முதலில் எடுத்துக்கொள்ளும். உரிமையைக் கேட்டதற்குத் தண்டனையாகவே அனுப்பினார்கள் என்று ஊழியர் காட்டினால் அந்த நிலை மாறும்.

ஆகவே பதிவின் வேலை, "இவர் என்னை மிரட்டினார்" என்று நிறுவுவதோடு முடிவதில்லை. முதலில் கேள்வி, அடுத்து மிரட்டல், அதன்பின் நீக்கம் என்ற வரிசையைத் தேதியோடு காட்ட வேண்டும். பலர் மிரட்டலை மட்டும் குறித்து வைக்கிறார்கள். அதற்கு முன் தாங்கள் என்ன கேட்டார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. "அவர் ஓட்டி பற்றிக் கேட்டதே எங்களுக்குத் தெரியாது" என்று முதலாளி சொன்னால் கோரிக்கை அங்கேயே தளர்ந்துவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் அலுவலக உதவியாளராக ஒரு பெண் மார்ச் 3 அன்று சேர்கிறார். அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி, புரொபேஷன் 3 மாதம். உடலுழைப்பு சாராத வேலை என்றாலும் சம்பளம் 2,600 வெள்ளியைத் தாண்டாததால் அவருக்கு ஓட்டி உண்டு. மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரத்தை 44 மணி நேரத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 12.59 வெள்ளி வரும். ஓட்டிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 18.88 வெள்ளி. ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் 40 மணி நேரம் சேர்ந்திருந்தால் அவருக்கு வர வேண்டியது சுமார் 755 வெள்ளி. பேஸ்லிப்பில் அந்த வரியே இல்லை.

ஏப்ரல் 22 அன்று அவர் சூப்பர்வைசருக்கு எழுதுகிறார்: "அண்ணே, மார்ச் பேஸ்லிப்பில் ஓட்டி வரவில்லை. நீங்கள் இருக்கச் சொன்ன நாட்களின் மணிக்கணக்கை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்." இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். "நீங்கள் இருக்கச் சொன்ன" என்ற மூன்று சொற்களும் முக்கியம், ஏனெனில் யாரும் கேட்காமல் தானாகவே தங்கினார் என்பதுதான் அடுத்து வரும் வாதம். இரண்டு நாள் கழித்துப் பேன்ட்ரியில் பதில் கிடைக்கிறது.

அன்றிரவே எழுத வேண்டிய குறிப்பு இப்படி இருக்கலாம்:

"ஏப்ரல் 24, மாலை 5.40, பேன்ட்ரி. சூப்பர்வைசர் சொன்னது: 'புரொபேஷன் முடியறதுக்குள்ள ஓட்டி கணக்கு கேட்டா கன்ஃபர்மேஷன் கிடைக்காது. எச்ஆர் கிட்ட போனா அடுத்த வாரமே லெட்டர்.' நான் சொன்னது: 'சரிண்ணே.' கணக்குப் பிரிவில் இருப்பவர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை."

சொன்னது தமிழில் என்றால் தமிழிலேயே, கலந்து பேசியது என்றால் கலந்தே எழுத வேண்டும். "கடுமையாக மிரட்டினார்" என்ற சொற்றொடரை வைத்து யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. தான் பயந்து "சரிண்ணே" என்று சொன்னதையும் மறைக்கக் கூடாது. தனக்குச் சாதகமில்லாத வரியும் இருந்தால்தான் குறிப்பை நம்புவார்கள். எழுதியதைச் சொந்த மின்னஞ்சலிலிருந்து தனக்கே அனுப்பிக்கொண்டால் தேதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும். பணிநீக்கத்துக்குப் பிறகு ஒரே மூச்சில் எழுதிய பத்துப் பக்கங்களைவிட, அன்றன்று எழுதிய ஆறு வரிக்கு மதிப்பு அதிகம்.

மறுநாள் சூப்பர்வைசருக்கே ஒரு செய்தி அனுப்புவது நல்லது. பலர் தயங்கும் இடம் இது, ஆனால் இதை விட்டுவிடக் கூடாது. "அண்ணே, நேற்று ஓட்டி பற்றிக் கேட்டால் கன்ஃபர்மேஷன் பாதிக்கும் என்று சொன்னீர்கள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா? 22ஆம் தேதி அனுப்பிய கணக்கைப் பார்த்தீர்களா?" குற்றச்சாட்டு வேண்டாம், சட்டத்தின் பெயரும் வேண்டாம். அவர் மறுத்தால் மறுப்பு பதிவாகும். பதிலே வராவிட்டால் அந்த மௌனமும் தேதியோடு நிற்கும். வாட்ஸ்அப் என்றால் செய்திகள் தானாக மறையும்படி அமைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் அனுப்பியவரின் எண்ணும் தெரிய வேண்டும், வெறும் பெயர் போதாது.

அலுவலக மின்னஞ்சலை நம்பி இருக்கக் கூடாது, கடைசி நாளன்று அது பூட்டப்பட்டுவிடும். ஒப்பந்தம், முக்கிய வேலை நியமன விதிமுறைகள், பேஸ்லிப், தன் பெயருள்ள ரோஸ்டர், வேலையைப் பாராட்டி வந்த செய்திகள் ஆகியவை முன்கூட்டியே தன் கையில் இருக்க வேண்டும். பாராட்டுச் செய்தி எதற்கு என்றால், நீக்கும்போது "வேலை திருப்தியில்லை" என்று காரணம் எழுதினால் அது பொய் என்று காட்டத்தான். சொன்ன காரணம் பொய் என்று நிரூபணமானால் நீக்கமே தவறானதாகக் கருதப்படலாம். வாடிக்கையாளர் பட்டியலையும் விலை விவரத்தையும் மட்டும் தொடவே வேண்டாம். அவற்றைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால், நீக்குவதற்கு நியாயமான காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும்.

மே 9 அன்று அவரை அறைக்குள் கூப்பிட்டு, "நீயே ராஜினாமா கொடுத்துடும்மா, உனக்குத்தான் நல்லது" என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. "வீட்டில் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது போதும். கையெழுத்துப் போட்டுவிட்டால், கட்டாயத்தால் விலகினேன் என்று நிரூபிக்கும் கூடுதல் சுமை ஊழியர் மேல் ஏறும்.

மேனேஜர், எக்சிகியூட்டிவ் பதவியில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னறிவிப்போடு நீக்கப்பட்டால், 6 மாதமாவது வேலை செய்திருந்தால்தான் அவர்கள் தவறான பணிநீக்கக் கோரிக்கை வைக்க முடியும். பதவியின் பெயரை மட்டும் வைத்து இது முடிவாவதில்லை, உண்மையில் செய்த வேலையைப் பார்ப்பார்கள். வராத சம்பளத்தைக் கேட்பதற்கு இந்த 6 மாத நிபந்தனை கிடையாது.

நம் உதாரணத்தில் கடைசி வேலை நாள் மே 16. தவறான பணிநீக்கக் கோரிக்கையை டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பிடம் ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும். ஜூன் நடுப்பகுதியோடு அந்தக் கதவு மூடிவிடும். ஓட்டிப் பணத்துக்கு 6 மாதம் உண்டு, நவம்பர் நடுப்பகுதி வரை. இரண்டுக்கும் ஒரே கெடு என்று நினைத்து எச்ஆரின் பதிலுக்காக ஆறு வாரம் காத்திருந்தவருக்கு 755 வெள்ளி கிடைக்கலாம், நீக்கத்தைப் பற்றிப் பேச வழியிருக்காது. டிஏடிஎம்மில் சமரசம் ஆகாவிட்டால் வேலை நியமனக் கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே வழக்கறிஞர் யாரும் வாதாட முடியாது. ஏப்ரல் 22, 24, 25 என்று தேதி வரிசையில் அடுக்கிய தாள்களை அவரே எடுத்துக் காட்ட வேண்டும்.